ஏற்காடு மிளகும் ஒரு வீடியோ ஹியரிங்கும்

எங்கப்பா ரிட்டயர்ட் வாத்தியார். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் அஞ்சு ஏக்கர் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல எல்லாம் மிளகுக் கொடி. நான் கல்யாணம் ஆகி சேலத்துல அழகாபுரத்துல இருக்கேன். போன வருஷம் 2025 பிப்ரவரில அப்பாவுக்கு இன்கம் டாக்ஸ்ல வீடியோ ஹியரிங் நடந்துச்சு, பக்கத்துல உக்காந்து முழுசா பாத்தது நான்தான். அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க நாலஞ்சு பேரு இதே மாதிரி நோட்டீஸோட வந்து கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சிடலாம்னு.

விஷயம் சாதாரணமானதுதான். அப்பா 2022-23ல சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ஆறு தடவையா மொத்தம் 12,40,000 ரூபா கேஷா கட்டியிருக்காரு. வருஷத்துக்கு 10 லட்சமோ அதுக்கு மேலயோ சேவிங்ஸ்ல கேஷ் விழுந்தா பேங்க்காரங்க இன்கம் டாக்ஸுக்கு ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். அப்பா ரிட்டர்ன்ல பென்ஷனும் காட்டியிருந்தாரு, விவசாய வருமானம் 8,98,000ன்னும் காட்டியிருந்தாரு, எதையும் மறைக்கல. ஆனாலும் 2024 ஜூன்ல, ரிட்டர்ன துருவிப் பாக்கப் போறோம்னு சொல்ற 143(2) நோட்டீஸ் வந்துச்சு, நவம்பர்ல விவரம் கேட்டு இன்னொண்ணு. ஆடிட்டர் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் பட்டாவும் போட்டு அனுப்பினாரு. முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சோம்.

பிப்ரவரி 10ஆம் தேதி ஷோ காஸ் நோட்டீஸ் வந்துச்சு. 12,40,000 முழுசையும் 69ஏ பிரிவுல கணக்குல வராத பணமா எடுத்துக்கப் போறோம், ஏன் எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லுங்க, ஏழு நாள் டைம்னு. அப்படி எடுத்தா வழக்கமான ஸ்லாப் கிடையாதுங்க. அந்த வருஷத்துக்கு நேரா 60 சதவீதம் வரி, அது மேல 25 சதவீதம் சர்சார்ஜ், அது மேல 4 சதவீதம் செஸ், எல்லாம் கூட்டினா 78 சதவீதம். 12,40,000க்கு 9,67,200 ரூபா, வட்டி தனி, பெனால்டி தனி. அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. "ஏன் கண்ணு, மிளகு வித்த காசு எப்படி திருட்டுக் காசாச்சு"ன்னு போன்ல திரும்பத் திரும்ப கேட்டாரு.

இதுல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, இப்ப எந்த ஆபீசர் நம்ம கேஸ பாக்குறாருன்னு நமக்குத் தெரியாது. பேஸ்லெஸ் அசெஸ்மெண்ட். சேலத்துல இருக்குற ஆபீஸுக்குப் போய் பாத்துப் பேசுறதுக்கு வழியே இல்ல, நாட்டுல எந்த மூலையில வேணா இருக்கலாம், அவருக்கு ஏற்காடு எங்க இருக்குன்னே தெரியாம இருக்கலாம். எல்லாம் போர்ட்டல் வழியாத்தான். ஷோ காஸ் வந்தப்புறம் நேர்ல பேசணும்னு கேக்குற உரிமை நமக்கு இருக்கு, அந்த நேர்ல பேசுறதுதான் வீடியோ ஹியரிங். தானா வராது, நாம கேக்கணும். போர்ட்டல்ல Pending Actions உள்ள e-Proceedings போய் அந்த நோட்டீஸுக்கு நேரா வீடியோ கான்ஃபரன்ஸ் கேக்குறதுக்கு ஆப்ஷன் இருக்கும். எங்க ஆடிட்டர் ஒரு காரியம் பண்ணாரு, அந்த ஆப்ஷன்லயும் கேட்டாரு, எழுதின பதிலோட கடைசி பாராவுலயும் "எங்களுக்கு வீடியோ ஹியரிங் வேணும்"னு தனியா போட்டாரு. நாளைக்கு ஹியரிங் தராமயே ஆர்டர் போட்டுட்டா அப்பீல்ல காட்டுறதுக்கு ரெண்டு எடத்துல சாட்சி இருக்கும்னு சொன்னாரு.

இன்னொண்ணும் அவரு அழுத்தமா சொன்னாரு. எழுத்துல பதில் போட்டுட்டுத்தான் ஹியரிங்குக்குப் போகணும். அங்க போய் வாயால சொல்லிக்கலாம்னு இருந்தா அரை மணி நேரத்துல ஒண்ணும் நடக்காது. வழக்கமா அரை மணிதான் தருவாங்க, கேட்டா கொஞ்சம் நீட்டலாம். நாம ஏற்கனவே எழுதிப் போட்டத ஆபீசர் கண்ணு முன்னாடி விரிச்சு வச்சு வெரல வச்சுக் காட்டுறதுக்குத்தான் ஹியரிங்.

சரி என்ன எழுதிப் போட்டோம்னு சொல்றேன், உண்மையான வேலையே இதுலதான்.

அப்பா சாக்குப்பை ஒண்ணுல எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டினாரு. மிளகு வியாபாரி குடுத்த பில்லு, காப்பி வித்த பில்லு, உர ரசீது, கூலி எழுதின நோட்டு, பழைய காலண்டர் பின்னாடி எழுதின கணக்கு. நான் முதல்ல வருஷ மொத்தமா ஒரு கணக்கு போட்டேன். மிளகு வித்தது 6,86,000, காப்பி வித்தது 5,32,000, ஆக 12,18,000. பேங்க்ல கட்டினது 12,40,000. கிட்டத்தட்ட சரியா வருதேன்னு சந்தோஷமா ஆடிட்டர்கிட்ட குடுத்தேன். அவரு பாத்துட்டு, "ஏம்மா, செலவே பண்ணாம தோட்டம் பாத்தாரா உங்கப்பா? கூலி எங்க? வித்ததுக்கு மேல எப்படி கட்டினாரு?"ன்னு கேட்டாரு. பேசாம வாங்கிட்டு வந்துட்டேன்.

வருஷ மொத்தம் வேலைக்கு ஆகாது. தேதி வாரியா கைல எவ்வளவு ரொக்கம் இருந்துச்சுன்னு காட்டணும். ஒவ்வொரு தடவை பேங்க்ல கட்டுறதுக்கு முந்தின நாள் அவ்வளவு காசு கைல இருந்திருக்கணும், நடுவுல ஒரு நாள் கூட கணக்கு மைனஸ்ல போகக் கூடாது. மைனஸ் போச்சுன்னா அன்னைக்கு வேற எங்கயோ இருந்து கணக்குல இல்லாத காசு வந்திருக்குன்னு அர்த்தம், ஆபீசர் அதத்தான் தேடுவாரு.

ரெண்டு நாள் உக்காந்து போட்டோம். ஜூன்ல மிளகு 1,92,000க்கு வித்தாரு, செலவு 20,000, பேங்க்ல 2,10,000 கட்டினாரு. இங்கயே இடிச்சுது, வித்ததே 1,92,000 தான். அப்படியே ஜூலைல 1,48,000க்கு வித்து 30,000 செலவு பண்ணி 1,20,000 கட்டினது, செப்டம்பர்ல வீட்டு ஓடு மாத்துறதுக்கு பேங்க்ல இருந்து 4,10,000 எடுத்தது, மேஸ்திரிக்கு 60,000 அட்வான்ஸ் குடுத்தது, மழை நிக்காம வேலை தள்ளிப் போய் நவம்பர்ல 2,50,000 திருப்பிக் கட்டினது, மிச்சத்த காப்பிப் பழம் பறிக்கிற கூலிக்கு வச்சுக்கிட்டது, நவம்பர் டிசம்பர் கூலி 1,10,000, இப்படி எழுதிட்டே வந்தா டிசம்பர் கடைசில மைனஸ் 50,000 நிக்குது. நானும் தம்பியும் மூணு தடவை கூட்டிப் பாத்தோம், அதே மைனஸ்.

அப்பா வெத்தல போட்டுட்டு சாவகாசமா சொல்றாரு, "ஏப்ரல் மாசம் பீரோல காசு இருந்துச்சே சாமி, அத எழுதலையா?" ஓபனிங் பேலன்ஸ நான் எழுதவே இல்ல! மார்ச் 2022ல பாஸ்புக்ல 70,000 எடுத்திருக்காரு, அதுல 62,000 ஏப்ரல் 1ஆம் தேதி கைல இருந்திருக்கு. அத போட்டதும் டிசம்பர் கடைசில ப்ளஸ் 12,000. வருஷக் கடைசில 70,000 கைல நிக்குது. வெறும் வாயால 62,000 இருந்துச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அந்த பாஸ்புக் வரி இருந்ததாலதான் நின்னுச்சு. ஆபீசரு கேஷ் டெபாசிட்ட மட்டும் கூட்டி எடுத்து வச்சிருந்தாரே தவிர அதே அக்கவுண்ட்ல இருந்து எடுத்த 4,10,000அ பாக்கவே இல்லங்குறதும் இந்த கணக்கு போட்டப்பதான் எங்களுக்கே புரிஞ்சுது. எடுத்த காச திருப்பிக் கட்டுறது வருமானம் இல்ல.

அப்புறம் டாக்குமெண்ட். பட்டா சிட்டாவ eservices.tn.gov.in ல இருந்து புதுசா எடுத்தோம், பழைய ஜெராக்ஸ் போடல. விஏஓகிட்ட அடங்கல் வாங்கினோம், ஏன்னா பட்டா நிலம் யாருதுன்னு மட்டும்தான் சொல்லும், அதுல என்ன பயிர் இருக்குன்னு அடங்கல்தான் சொல்லும். காப்பியும் மிளகும் அதுல எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. மிளகு வியாபாரிகிட்டயும் காப்பி வியாபாரிகிட்டயும் பில் காப்பியோட ஒரு கடிதமும் வாங்கினோம், இந்தத் தேதில இவர்கிட்ட இவ்வளவு கிலோ வாங்கி இவ்வளவு ரொக்கமா குடுத்தேன்னு, அவங்க பான் நம்பர், ஜிஎஸ்டி நம்பர் போட்டு. ஆபீசர் நினைச்சா அவங்களுக்கு நேரா லெட்டர் போட்டு கேட்டுக்குவாரு, அதுக்கு இடம் குடுத்துட்டாலே பாதி சந்தேகம் போயிடும். வியாபாரி ஏன் கேஷ்ல குடுத்தாருன்னு கேள்வி வரும். பொதுவா வியாபாரிங்க ஒருத்தருக்கு ஒரு நாள்ல 10,000க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்த செலவ கணக்குல கழிக்க முடியாது, ஆனா விளைவிச்ச விவசாயிக்கே நேரா குடுத்தா அந்தத் தடை இல்ல, அதனாலதான் மலையில இன்னும் ரொக்கம் ஓடுது. ஆனா வாங்குற நமக்கு வேற ஒரு கோடு இருக்கு, ஒருத்தர்கிட்ட ஒரே நாள்லயோ ஒரே வியாபாரத்துக்கோ 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே கூடாது, வாங்கினா வாங்கின அளவுக்கே பெனால்டி. விவசாயின்னு இதுல விலக்கு கிடையாது. அப்பாவோட பெரிய பில்லு 1,92,000. தெரிஞ்சு பண்ணல, சாக்கு அவ்வளவுதான் இருந்துச்சு, தப்பிச்சோம்.

எல்லாத்தையும் ஒரே வரிசையா அடுக்கி, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல் மூலையில 1, 2, 3ன்னு பேனாவால நம்பர் போட்டு, முதல் பக்கத்துல பொருளடக்கம். மொத்தம் 41 பக்கம். அப்புறம்தான் ஸ்கேன். இந்த நம்பர் எவ்வளவு உதவுச்சுன்னு ஹியரிங்ல பாத்தேன், "பேஜ் 14 பாருங்க சார்"னா முடிஞ்சுது, இல்லன்னா "அந்த ரெண்டாவது பில்லுக்கு அடுத்தது, மஞ்சள் கலர்ல"ன்னு இழுத்துட்டு இருந்திருப்போம். போர்ட்டல்ல ஒரு ஃபைல் 5 எம்பிக்கு மேல போகாது. போன் கேமராவுல எடுத்த கலர் போட்டோவ பிடிஎஃப் ஆக்கினா நாலு பக்கத்துலயே அத தாண்டிடும். கருப்பு வெள்ளையில 150 டிபிஐ வச்சு ஸ்கேன் பண்ணி மூணு ஃபைலா பிரிச்சோம், ஃபைல் பேர்ல புள்ளி, கோடு, & எதுவும் இல்லாம சாதாரணமா வச்சோம். 15ஆம் தேதி சனிக்கிழமை போட்டுட்டோம், கடைசி நாள் வரைக்கும் வச்சிருக்கல.

ஹியரிங் பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை, காலைல 11.30ன்னு போர்ட்டல்லயும் மெயில்லயும் லிங்கோட வந்துச்சு. அப்பாவோட மெயில் ஐடி தம்பி காலேஜ் படிக்கும்போது போட்டுக் குடுத்தது, அத யாரும் திறக்குறதே இல்ல, நல்லவேளை எஸ்எம்எஸ் வந்துச்சு. போர்ட்டல் ப்ரொஃபைல்ல எந்த மெயில், எந்த நம்பர் இருக்குன்னு முதல்லயே பாத்து மாத்திடுங்க.

இப்ப எங்க உக்காந்து பேசுறது? அப்பா வீட்டுலயே பண்ணலாம்னாரு. அங்க திண்ணையோட மூலையில நின்னாதான் டவரே எடுக்கும், மஞ்சு மூடினா அதுவும் போயிடும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வாங்கப்பான்னு கூட்டிட்டு வந்தேன். எங்க வீட்டுல ஃபைபர் இருக்கு, வேகம் எல்லாம் பிரச்சினை இல்ல. ஆனா முந்தின நாள் பேப்பர்ல பாத்தா 25ஆம் தேதி எங்க ஏரியாவுக்கு மாதாந்திர பராமரிப்பு, காலைல 9ல இருந்து கரண்ட் கட்! இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா மோடம் இருக்குற பிளக்கு இன்வெர்ட்டர் லைன்ல இல்ல, அது மட்டுமில்ல, தெருவுல கரண்ட் போனா சில நேரம் ஃபைபரே நின்னுடும், அது நம்ம இன்வெர்ட்டர் கைல இல்ல. யாரு இதெல்லாம் யோசிச்சு வப்பா? அவசரமா ஆடிட்டர் ஆபீஸுக்கு மாத்திக்கிட்டோம், அஞ்சு ரோடு பக்கம், அங்க அன்னைக்கு கரண்ட் உண்டு. தேதி குடுத்த உடனே அந்தத் தேதிக்கு உங்க ஏரியால கட் இருக்கான்னு பாருங்க, எங்கள மாதிரி முந்தின நாள் ராத்திரி பாக்காதீங்க.

மெயின் லைன் ஃபைபர், பேக்கப்புக்கு வேற கம்பெனி சிம் போட்ட போன்ல ஹாட்ஸ்பாட் ரெடியா ஆன் பண்ணி லேப்டாப்ல ஒரு தடவை கனெக்ட் பண்ணி வச்சாச்சு, பாஸ்வேர்டு அப்ப தேட வேண்டாம்னு. பிரவுசர்ல கேமரா, மைக் பர்மிஷன் காலைலயே குடுத்துப் பாத்தோம். எல்லாம் பண்ணியும் ஒண்ணு சொதப்புச்சு. தம்பி நானும் பாக்குறேன்னு அதே ரூம்ல போன்ல அதே லிங்க்ல உள்ள வந்தான், உடனே ரெண்டு ஸ்பீக்கரும் ரெண்டு மைக்கும் ஒண்ணுக்கொண்ணு கத்திக்கிட்டு ஊஊன்னு ஊளை. ஆபீசர் "ஹலோ, ஹலோ"ங்குறாரு, எங்களுக்கு எங்க குரலே திரும்பி வருது. நெட் போச்சுன்னு நெனச்சு ஹாட்ஸ்பாட்டுக்கு மாறப் போனோம், ஆடிட்டர்தான் தம்பி போனப் பிடுங்கி ஆஃப் பண்ணாரு. மூணு நிமிஷம் போச்சு. எதிரொலி கேட்டா அது நெட் பிரச்சினை இல்ல, அதே ரூம்ல இன்னொரு மைக் இருக்குன்னு அர்த்தம். பேச்சு விட்டு விட்டு வந்தா, படம் உறைஞ்சு போனாதான் நெட். அப்ப முதல்ல நம்ம கேமராவ ஆஃப் பண்ணிக் கேளுங்க, ஆபீசர்கிட்ட சொல்லிட்டு. மொத்தமா அறுந்துட்டா அதே லிங்க்ல திரும்ப வாங்க, எத்தனை மணிக்கு அறுந்துச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட்டோட எடுத்து வச்சு அன்னைக்கே போர்ட்டல்ல எழுதிப் போடுங்க. இல்லன்னா "ஹியரிங்குக்கு வரல"ன்னு எழுதிட்டா அப்புறம் எப்படி மறுப்பீங்க.

யாரு பேசலாம்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. வரி கட்டுறவருக்கு பதிலா ஆடிட்டரோ வக்கீலோதான் பேசணும்னு இல்ல, சொந்தக்காரங்க கூட பேசலாம், கையெழுத்து போட்ட அதிகாரக் கடிதம் இருந்தா போதும். ஆடிட்டருக்கும் எனக்கும் அப்பா கையெழுத்து போட்டுக் குடுத்து அதையும் முன்னாடியே அப்லோட் பண்ணிட்டோம். ஏன் நான்னா, சட்டம் பேச ஆடிட்டர், ஆனா எந்த மாசம் எந்தப் பழம் பறிப்பாங்கன்னு அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனா அவருக்கு இங்கிலீஷ்ல கோர்வையா பேச வராது. ஆபீசர் இங்கிலீஷ்தான் பேசினாரு, நடுநடுவுல ஹிந்தி. பேரு தெரியாது. அப்பாவோட பான் கார்டையும் ஆதாரையும் கேமராவுல காட்டச் சொன்னாரு, பதிவாகுதுன்னு சொன்னாரு, அப்புறம் சொல்லுங்கன்னுட்டாரு.

ஆடிட்டர் ரெண்டே நிமிஷம் பேசினாரு. இவரு ரிட்டயர்ட் டீச்சர், அஞ்சு ஏக்கர் சொந்தத் தோட்டம், பேஜ் 3. கட்டின 12,40,000ல எதுவும் புதுக் காசு இல்ல, விளைச்சல் வித்த பணம், பழைய கையிருப்பு, பேங்க்ல எடுத்துத் திருப்பிக் கட்டினது, பேஜ் 8ல தேதி வாரியா கணக்கு, எந்த நாளும் மைனஸ் இல்ல. அவ்வளவுதான், நிறுத்திட்டாரு. எனக்கு அப்ப "இன்னும் சொல்லுங்க சார்"னு இருந்துச்சு, ஆனா நிறுத்தினதுதான் நல்லது, ஆபீசர் நேரா பேஜ் 8 திறந்து அவரே கேக்க ஆரம்பிச்சாரு.

முதல் கேள்வியே நாங்க எதிர்பார்த்தது. மிளகு ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள பறிப்பாங்கன்னு படிச்சிருக்கேன், ஜூன்ல எப்படி வித்தீங்க? அப்பா உடனே தமிழ்ல ஆரம்பிச்சுட்டாரு, அவங்க தாத்தா காலத்துல இருந்து. நான் அவரு கைய லேசா அழுத்தினேன். மிளகு காஞ்சதும் சாக்குல கட்டி வச்சா மாசக் கணக்குல கெடாது, வெலை ஏறட்டும்னு வச்சிருந்து ஜூன், ஜூலைல ரெண்டு லாட்டா வித்தாரு, பில் பேஜ் 17, 18ன்னு சொன்னேன். ஆபீசர் தலையாட்டினாரு. ரெண்டாவது, எடுத்த 4,10,000அ வேற எதுக்காவது செலவு பண்ணியிருக்கலாமே, அதேதான் திருப்பிக் கட்டினதுன்னு எப்படி சொல்றீங்க? இதுக்கு எங்ககிட்ட ஓடு மாத்துறதுக்கு வாங்கின எஸ்டிமேட்டும் மேஸ்திரி அட்வான்ஸ் சீட்டும் இருந்துச்சு, ஆனா அத அப்லோட் பண்ணவே இல்ல, முக்கியம்னு தோணல. ஆடிட்டர் சட்டுனு "இருக்கு சார், ரெண்டு நாள்ல போடுறோம்"னு கேட்டாரு, சரின்னு அதுக்கு டைம் குடுத்தாரு. தெரியாதத, கைல இல்லாதத அந்த நேரத்துல யூகிச்சு சொல்றதுக்கு பதிலா "எழுத்துல தர்றோம்"னு சொல்றதுல ஒரு தப்பும் இல்ல.

மூணாவது கேள்விதான் நாங்க விழ இருந்த குழி. காப்பிய எப்படி விக்கிறீங்க, ப்ராசஸ் பண்ணியா? அப்பாவுக்கு "ப்ராசஸ்"ங்குற வார்த்தை மட்டும் புரிஞ்சுது, "எஸ் சார், எஸ் சார், ப்ராசஸிங், ஹோம்லயே"ன்னுட்டாரு பெருமையா. அவரு சொல்றதுல பொய் இல்ல, பழத்த பல்ப்பர்ல போட்டு தோல் எடுத்து, கழுவி, களத்துல காயப் போட்டு பார்ச்மெண்ட்டா விக்கிறோம். ஆனா வரில அதுக்கு வேற அர்த்தம். விளைவிச்சவரே காப்பிய க்யூரிங் பண்ணி வித்தா அந்த வருமானத்துல 25 சதவீதம் வியாபார வருமானம், அதுக்கு வரி உண்டு. வறுத்து அரைச்சுப் பொடியா வித்தா 40 சதவீதம். அந்த வருஷத்துக்கு இது விதி 7பி. க்யூரிங்னா என்னங்குறதுக்கு அந்த விதி காப்பி சட்டத்தக் கை காட்டும், அதுல பல்ப்பிங்க தவிர்த்த மெஷின் வேலைன்னு தெளிவா இருக்கு. அதாவது தோல் எடுக்குறது க்யூரிங் இல்ல, பார்ச்மெண்ட் ஓட்ட மெஷின்ல உடைச்சு பருப்பாக்குறதுதான் க்யூரிங், அத எங்ககிட்ட வாங்குற வியாபாரி பண்றாரு. ஆடிட்டர் இத விளக்கினாரு, பில்லுல "பார்ச்மெண்ட்"னு போட்டிருக்குறதக் காட்டினாரு, பேஜ் 22. சரின்னாரு ஆபீசர்.

ஆனா கடைசில அன்னைக்கு பேசினத டைப் பண்ணி ஸ்க்ரீன்ல காட்டினப்ப, ஒரு வரில "ப்ராசஸ் பண்ண காப்பியை விற்றதாக கூறினார்"னு இருந்துச்சு. முடிஞ்சுதுடா சாமின்னு ஓகே சொல்லப் போறோம், ஆடிட்டர் ஒவ்வொரு வரியா சத்தமா படிச்சுட்டு வந்ததால மாட்டுச்சு. "பல்ப் பண்ணி காயவச்ச பார்ச்மெண்ட், க்யூரிங் பண்ணலன்னு மாத்திடுங்க சார்"னு மரியாதையா கேட்டாரு, மாத்தினாங்க. அந்த ஒரு வார்த்தை அப்படியே நின்னிருந்தா 5,32,000 வித்ததுல செலவு போக மிச்சத்துல கால் பங்கு வரி போடுற வருமானமா ஆகியிருக்கும். அந்த ரெக்கார்ட படிக்காம தலையாட்டாதீங்க, நேரம் முடிஞ்சிடுச்சுன்னு அவசரப்படுத்தினாலும் படிங்க. உங்க தொழில்ல சாதாரணமா சொல்ற வார்த்தைக்கு வரில வேற அர்த்தம் இருக்கான்னு முன்னாடியே ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை பேசிப் பாத்துடுங்க, வீட்டுப் பெரியவர் பக்கத்துல இருக்கும்போதே.

ஒரு விஷயம் எங்களுக்கு சாதகமா போகல. மார்ச்ல 84,000க்கு வித்த ஒரு லாட் மிளகுக்கு பில்லே இல்ல. தோட்டத்து வாசலுக்கே வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போன ஆளு, அப்பாவுக்கு முகம் தெரியும், பேரு தெரியும், பில்லு கிடையாது. தேடிப் போனா ஊர்ல இல்ல. யாரோ தெரிஞ்ச கடைல ஒரு பில்லு வாங்கிப் போட்டுடலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு, ஆடிட்டர் கோவப்பட்டு எந்திரிச்சுட்டாரு. அந்தக் கடைக்கு ஒரு லெட்டர் போனா 84,000 மட்டுமில்ல, மத்த எல்லா பில்லுமே பொய்யின்னு ஆயிடும். ஆபீசர் கேட்டப்ப உள்ளத சொன்னோம், இதுக்கு பில் இல்ல சார், அப்பாவோட நோட்டுல எடையும் தொகையும் எழுதியிருக்கு, பேஜ் 39. குறிச்சுக்கிட்டாரு, ஒண்ணும் சொல்லல.

மொத்தம் 38 நிமிஷம். ரெண்டு நாள்ல எஸ்டிமேட்டையும் மேஸ்திரி சீட்டையும் போட்டோம், கூடவே ஹியரிங்ல நாங்க சொன்ன மூணு பதிலையும் ஒரு பக்கத்துல எழுதி அனுப்பினோம். மார்ச் மூணாவது வாரம் ஆர்டர் வந்துச்சு. 11,56,000 ஏத்துக்கிட்டாங்க. 84,000 மட்டும் 69ஏல சேத்துட்டாங்க, அதே 78 சதவீதத்துல 65,520 வரி, வட்டி தனி, பெனால்டிக்கு தனி நோட்டீஸ்.

9,67,200ல இருந்து இங்க வந்துச்சே, கட்டிட்டு விட்டுடலாம்னு நான் சொன்னேன். அப்பா ஒத்துக்கல, "வெளஞ்ச மிளகு கண்ணு அது"ன்னாரு. ஏக்கருக்கு இவ்வளவு மிளகு வரும்னு அவங்களே ஏத்துக்கிட்ட மத்த லாட்டெல்லாம் வச்சு, அதே கொடில பறிச்சதுதான் இதுவும்னு ஆடிட்டர் ஃபார்ம் 35ல அப்பீல் போட்டாரு, ஆர்டர் வந்து 30 நாளைக்குள்ள, ஃபீஸ் 1,000 ரூபா. அதுலயும் வீடியோ ஹியரிங் வேணும்னு கேட்டு வச்சிருக்கோம். இந்த தடவை தம்பிய வெளிய உக்கார வைக்கணும்.